கிளாரிஃபையிங் ஷாம்பு: எதை எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒரு முறை போடுவது?

தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகும் முடி கனமாகத் தொங்குகிறது. போன மாதம் வரை நன்றாக வேலை செய்த சீரம் இப்போது பிசுபிசுப்பை மட்டும் தருகிறது. ஷாம்பு போட்டால் முதல் தடவை நுரையே எழும்புவதில்லை. இந்த மாதிரி அறிகுறிகளைச் சொன்னால் உடனே கிடைக்கும் அறிவுரை, “ஒரு கிளாரிஃபையிங் ஷாம்பு வாங்கிப் போடு” என்பதுதான். தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடியில் ஒட்டியிருப்பது என்ன என்று தெரியாமல் வாங்கினால், பாதிப் பேருக்குப் பலன் கிடைக்காது.

உண்மையில் கையில் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கிற ஷாம்புவையே இரண்டு முறை போடுவது, படிந்த பிசுக்கை உரித்தெடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பு, தண்ணீர் விட்டுச் செல்லும் உலோக உப்பைக் கவ்வி எடுக்கும் கீலேட்டிங் ஷாம்பு, கடைசியாகச் சமையலறையிலிருந்து வரும் சோடா உப்பும் வினிகரும். ஒவ்வொன்றும் எதை எடுக்கும், எதை எடுக்காது என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முடியில் ஒட்டியிருப்பது எது?

முடியின் மேற்பரப்பில், குறிப்பாகச் சாயமோ பிளீச்சோ பட்ட முடியில், மைனஸ் மின்சுமை இருக்கும். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவற்றுக்கு பிளஸ் மின்சுமை. அதனால்தான் தண்ணீரில் அலசிய பின்னும் அவை முடியிலேயே தங்குகின்றன. கண்டிஷனர் வேலை செய்யும் விதமே இதுதான். முழுக்கக் கழுவிப் போய்விட்டால் அதைப் போட்டதற்கு அர்த்தமில்லை.

சீரத்தில் இருக்கும் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் வேறு வகை. அதற்கு மின்சுமை கிடையாது; தண்ணீரில் கரையாது; முடியின் மேல் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும். அமோடைமெத்திகோன் என்று பெயர் இருந்தால் அதில் பிளஸ் மின்சுமை ஏற்கும் பகுதியும் சேர்ந்திருக்கிறது. அது சேதமான இடங்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், எளிதில் விடாது. இவை தவிரத் தலைக்கு வைக்கும் எண்ணெய், ஜெல்லிலும் ஸ்ப்ரேயிலும் இருக்கும் பாலிமர்கள், டிரை ஷாம்புவின் மாவு, வியர்வை, தலைத்தோலின் சொந்த எண்ணெய் எல்லாம் உண்டு. அப்புறம், பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று: தண்ணீரிலிருந்து வரும் கால்சியம், மக்னீசியம், சில இடங்களில் செம்பு.

இவற்றில் கடைசி வகை மட்டும் தனி. மற்றவற்றைப் பெரும்பாலும் ஷாம்புவின் சோப்புத் தன்மை தூக்கிவிடும். உலோக உப்புகளை அது அவ்வளவாகத் தூக்காது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

கிளாரிஃபையிங் ஷாம்புவில் அப்படி என்ன இருக்கிறது?

புதிதாக எதுவும் இல்லை. சொல்லப்போனால், சிலது இல்லாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

எந்த ஷாம்புவிலும் அழுக்கை எடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற மூலக்கூறு. அதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறு முனை எண்ணெயோடு சேரும். எண்ணெய் முனைகள் பிசுக்கைச் சுற்றி வளைத்து உருண்டையாக்கிக்கொள்ள, வெளியே நிற்கும் தண்ணீர் முனைகள் அந்த உருண்டையைத் தண்ணீரோடு இழுத்துப் போகும். சோடியம் லாரெத் சல்ஃபேட், அம்மோனியம் லாரில் சல்ஃபேட் போன்றவை இந்த வேலையை வேகமாகச் செய்யும்.

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஷாம்புகள் பலவற்றில், குறிப்பாக “ஸ்மூத்”, “ரிப்பேர்”, “மாய்ஸ்சர்” என்று எழுதியவற்றில், இன்னொரு வேலையும் நடக்கிறது. பாலிகுவாட்டர்னியம்-10, குவார் ஹைட்ராக்சிபுரொப்பில்ட்ரிமோனியம் குளோரைடு போன்ற பிளஸ் மின்சுமைப் பாலிமர்களைச் சேர்த்திருப்பார்கள். பாட்டிலுக்குள் இருக்கும்போது அவை சர்ஃபாக்டன்ட்டோடு கலந்து கரைந்திருக்கும். நீங்கள் அலசும்போது தண்ணீர் சேர்ந்து நீர்த்ததும், இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுப் பொருள் பிரிந்து முடியின் மேல் படியும். கூடவே சிலிக்கோன் துளிகளையும் இழுத்துக்கொண்டு வந்து உட்காரும். அதாவது அந்த ஷாம்பு பழைய பிசுக்கை எடுத்துவிட்டுப் புதிய படலம் ஒன்றை விட்டுப் போகிறது. ஒரு வாரத்துக்கு அது சுகம்தான். மெல்லிய முடிக்காரர்களுக்கு மாதக்கணக்கில் அதுவே பாரமாகிவிடும்.

கிளாரிஃபையிங் ஷாம்புவில் சர்ஃபாக்டன்ட் பொதுவாக வலுவாக இருக்கும், படிய வைக்கும் பொருட்கள் இருக்காது. அவ்வளவுதான். அதனால் வாங்கும்போது முன் பக்கத்தில் உள்ள வாக்குறுதியை விட்டுவிட்டுப் பின் பக்கத்தைப் படியுங்கள். பட்டியலில் “பாலிகுவாட்டர்னியம்”, “குவார்”, “டைமெத்திகோன்” ஆகியவற்றைத் தேடுங்கள். இருந்தால், முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது அரைகுறைக் கிளாரிஃபையிங்தான். மலிவான, எந்த அலங்காரமும் இல்லாத தெளிந்த ஷாம்பு ஒன்றில் இவை எதுவும் இல்லாமல் இருக்கலாம். அது அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

“சல்ஃபேட் இல்லாதது” என்ற முத்திரையை வைத்தும் ஏமாற வேண்டாம். சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட் என்பது சல்ஃபேட் அல்ல, ஆனால் சல்ஃபேட் அளவுக்கே உறுதியாகப் பிசுக்கை எடுக்கும். மென்மை வேண்டும் என்று இதை வாங்குகிறவரும் ஏமாறுவார், சல்ஃபேட் இல்லாததால் சுத்தம் செய்யாது என்று ஒதுக்குகிறவரும் ஏமாறுவார்.

பழைய ஷாம்புவையே இரண்டு முறை போட்டால் போதாதா?

பல நேரம் போதும். பிசுக்கு என்பது எண்ணெயும் டிரை ஷாம்பு மாவும்தான் என்றால், புது பாட்டில் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம். முதல் தடவை போடும் ஷாம்பு எண்ணெயைக் கட்டியிழுப்பதிலேயே தீர்ந்துபோவதால்தான் நுரை வராது. அலசிவிட்டு இரண்டாவது முறை பாதி அளவு போட்டால் நுரை பொங்கும். அந்த இரண்டாவது நுரைதான் தலைத்தோலைச் சுத்தம் செய்கிறது.

ஆனால் உங்கள் ஷாம்புவே படலம் விடுகிற வகை என்றால் இரண்டு முறை போடுவது பயன் தராது. எடுத்ததைத் திரும்ப வைப்பதற்கு இரட்டை வாய்ப்புக் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை வேறு: அன்றாட ஷாம்புவை இலகுவான ஒன்றாக மாற்றுங்கள். கிளாரிஃபையிங் ஷாம்புவின் தேவையே பாதியாகக் குறையும். மாதம் முழுவதும் படிய விட்டு, ஒரு நாள் உரித்தெடுப்பதைவிட இது முடிக்கு நல்லது.

தண்ணீரே காரணமாக இருந்தால்

கடின நீர், பேச்சு வழக்கில் உப்புத் தண்ணீர், முடியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விட்டுச் செல்லும். ஆரோக்கியமான முடியில் கொஞ்சமாகவும், பிளீச் செய்த முடியில் நிறையவும் அவை ஏறும், ஏனென்றால் பிளீச் உண்டாக்கும் மைனஸ் இடங்களில் அவை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. முடி சொரசொரப்பாகும், பளபளப்பு மங்கும், நுரை குறையும். நீச்சல் குளத்துக்குப் போகிற வெளிர்நிற முடிக்காரர்களுக்குப் பச்சை ஏறுவதும் இந்தக் கதைதான். பழியைக் குளோரின் மேல் போடுவார்கள், நிறம் செம்பினுடையது.

இதற்குக் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டால் மேலே உள்ள சிலிக்கோன் போய்விடும், உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மூடியிருந்த படலமும் போனதால் முடி முன்பைவிடச் சொரசொரப்பாகத் தெரியும். “கிளாரிஃபையிங் போட்டேன், முடி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது” என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியினரின் பிரச்சினை இதுதான்.

கீலேட்டிங் ஷாம்புவில் உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் பொருள் இருக்கும்: டைசோடியம் இ.டி.டி.ஏ., டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., சோடியம் குளுகோனேட், ஃபைட்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம் என்று பெயர்கள் வரும். இங்கே ஒரு பொறி உண்டு. ஷாம்பு கெடாமல் இருப்பதற்காகவே இ.டி.டி.ஏ.வைத் துளியளவு பல ஷாம்புகளில் சேர்ப்பது வழக்கம். பட்டியலின் கடைசியில், பாதுகாப்புப் பொருட்களுக்கும் நிறமிகளுக்கும் நடுவில் அது கிடந்தால் பாட்டிலைக் காக்கத்தான் இருக்கிறது, உங்கள் முடிக்காக அல்ல. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஆகவே வாசனைப் பொருளுக்கு முன்னால், மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். நீச்சல்காரர்களுக்கு, கடின நீருக்கு என்று வெளிப்படையாக எழுதியவற்றில் பெரும்பாலும் அப்படி இருக்கும்.

கீலேட்டிங் ஷாம்புவுக்கு நேரமும் கொடுக்க வேண்டும். நுரை வந்ததும் அலசிவிட்டால் பலன் குறைவு. பாட்டிலில் வேறு சொல்லாவிட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். முடிக்குள் இறங்கிவிட்ட உலோகம் ஒரே தடவையில் முழுக்க வெளியே வராது.

சோடா உப்பும் வினிகரும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. சோடா உப்பில் சர்ஃபாக்டன்ட் எதுவும் இல்லை. சிலிக்கோனை அது தூக்காது. கரைசலின் பி.எச். எட்டுக்கு மேல் இருப்பதால் முடி ஊதி, செதில்கள் தூக்கி, உராய்வு கூடும். சுத்தமானது போன்ற உணர்வு இருக்கும், ஆனால் அது கரடுமுரடான உணர்வுதான். இதை நான் பரிந்துரைப்பதில்லை.

வினிகருக்கு ஒரு சிறிய இடம் உண்டு. சோப்புக் கட்டியால் தலைக்குக் குளித்துக் கடின நீரில் அலசினால், கால்சியமும் சோப்பும் சேர்ந்து வெண்மையான மெழுகுப் பிசுக்கு படியும். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அலசினால் அது இளகும். சிலிக்கோனுக்கும் எண்ணெய்க்கும் வினிகர் பயன்படாது. சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்க வைப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வைப்பதுதான். கண்ணுக்கு வேடிக்கை, முடிக்கு ஒன்றுமில்லை.

ஒரு தலையை வைத்துப் பார்ப்போம்

தோளுக்குக் கீழே இறங்கும், சாயம் போட்ட முடி என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் “ஸ்மூத்” ஷாம்பு, பின்னால் கண்டிஷனர், தினமும் காலையில் இரண்டு சொட்டு சீரம். சில மாதங்களுக்கு முன் வீடு மாறியிருக்கிறார். புது வீட்டுக் குழாயிலும் கெட்டிலிலும் வெள்ளைப் படிவு ஏறுகிறது. புகார்: முடி காய நேரமாகிறது, மங்கலாக இருக்கிறது, நுனி சொரசொரக்கிறது.

இவருக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்க வேண்டும். சீரமும் ஷாம்புவும் விட்ட படலம் ஒன்று, தண்ணீரின் உப்பு இன்னொன்று. ஊகித்து வாங்குவதைவிடத் தலையையே கேட்பது சுலபம். நடு வகிடு எடுத்து, இடப் பக்கம் கிளாரிஃபையிங், வலப் பக்கம் கீலேட்டிங். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே நேரம், பிறகு ஒரே கண்டிஷனர். சீரம் வேண்டாம், தானாகக் காய விடவும். சிறிய பாட்டிலோ சாம்பிளோ போதும்.

காய்ந்த பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இலகுவாகிவிட்டால் குற்றவாளி படலம்தான், ஏனென்றால் கீலேட்டிங் ஷாம்புவிலும் சர்ஃபாக்டன்ட் இருக்கிறது, அதுவும் படலத்தை எடுத்திருக்கும். இடப் பக்கம் கனம் குறைந்தும் சொரசொரப்பு மாறாமல், வலப் பக்கம் மட்டும் வழுக்கினால் தண்ணீர் காரணம். இரண்டு பக்கமும் மாற்றமே இல்லை, நுனியில் மட்டும் சிக்கு விழுகிறது, நனைந்த முடியை இழுத்தால் ரப்பர் போல நீள்கிறது என்றால் அது படிவே அல்ல, சேதம். சேதத்தை எந்த ஷாம்புவும் கழுவாது. அங்கே கிளாரிஃபையிங் போட்டுக்கொண்டே இருப்பது நிலைமையை மோசமாக்கும். நுனியை வெட்டுவதும் நல்ல கண்டிஷனரும்தான் வழி.

இவருக்கு வலப் பக்கம் வென்றது என்று வைத்துக்கொண்டால், கீலேட்டிங் ஷாம்புவை முதலில் இரண்டு வாரம், வாரம் ஒரு முறை போட்டுத் தேங்கியதை எடுக்கலாம். பிறகு மாதம் ஒரு முறை போதும். கூடவே சீரத்தை நுனிக்கு மட்டும் என்று குறைத்தால் தனியாகக் கிளாரிஃபையிங் வாங்கத் தேவையில்லை. அடுத்த முறை சாயம் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் கீலேட்டிங் போடுவது இரட்டை லாபம்: சாயத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, முடியிலிருக்கும் செம்போடு சேர்ந்தால் கூடுதல் சேதம் செய்யும். சாயம் போட்ட கையோடு மட்டும் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

“மாதம் இரண்டு முறை” என்ற பதில் எல்லோரிடமும் இருக்கிறது. அது சராசரிக்குச் சரி, தனி ஒருவருக்குச் சரியாக வேண்டும் என்பதில்லை. எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு அடிக்கடி எடுப்பது என்பது அமையும்.

தினமும் ஜெல், ஸ்ப்ரே, டிரை ஷாம்பு, அல்லது கனமான எண்ணெய் வைப்பவருக்கு வாரம் ஒரு முறை நியாயமானது. கண்டிஷனரும் எப்போதாவது சீரமும் போடுகிறவருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். சாயம் போட்ட, சுருண்ட, உலர்ந்த முடிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம், அதுவும் அறிகுறி இருந்தால். எதையுமே போடாமல், இலகுவான ஷாம்புவால் கழுவி விடுகிற குட்டை முடிக்காரருக்கு எப்போதுமே தேவைப்படாமல் போகலாம்.

நாட்காட்டியைவிட நம்பகமான அடையாளம் நுரை. வழக்கமான அளவு ஷாம்புவுக்கு இரண்டாவது தடவையும் நுரை சோம்பலாக இருந்தால், முடி நனையவே நேரமெடுத்தால், நேரம் வந்துவிட்டது. மறுபக்கம், கண்டிஷனர் போட்ட பிறகும் நனைந்த முடியில் விரல் சிக்கினால், காய்ந்ததும் முடி பறந்து பறந்து நின்றால், இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். முடியைத் தேய்க்கும்போது வரும் “கீச்” சத்தத்தைச் சுத்தத்தின் சான்றாகப் பலர் நினைக்கிறார்கள். அது உராய்வின் சத்தம்.

அடிக்கடி போட்டால் தலைத்தோல் கோபித்துக்கொண்டு அதிக எண்ணெய் சுரக்கும் என்ற பயம் மட்டும் வேண்டாம். அந்தச் சுரப்பியை நடத்துவது முக்கியமாக ஹார்மோன்கள். அதிகப் பயன்பாட்டின் உண்மையான விலையைக் கட்டுவது முடியின் நீளமும், சாயத்தின் நிறமும், எரிச்சல் வரக்கூடிய தலைத்தோலும்தான்.

போடும் முறை

வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடமாவது முழுக்க நனையுங்கள். ஷாம்புவைக் கையிலேயே தண்ணீரோடு கலந்து தலைத்தோலில் மட்டும் வைத்து, விரல் நுனியால் ஒரு நிமிடம் தேயுங்கள். நுனிக்குத் தனியாக எடுத்துத் தடவ வேண்டாம். இறங்கி ஓடும் நுரை போதும். சீரம் நுனியில் கட்டியிருந்தால் இரண்டாவது சுற்றில் அந்த நுரையை நுனி வரை இழுத்து, கசக்காமல் அழுத்தி விடுங்கள். நன்றாக அலசி, காதுக்குக் கீழிருந்து நுனி வரை கண்டிஷனர். பிளஸ் பாலிமர்களும் அமோடைமெத்திகோனும் ஒரே நாளில் போகாமல் இருக்கலாம். அதற்காக மறுநாளே மறுபடி தாக்க வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

கெரட்டின் சிகிச்சை செய்த முடிக்கும், பெராக்சைடு கலக்காமல் தடவும் நேரடிச் சாயம் புதிதாகப் போட்ட முடிக்கும் இந்த ஷாம்புகள் எதிரி. செய்த இடத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். தலையில் வெள்ளையாக உதிர்வதோடு அரிப்பும் சிவப்பும் இருந்தால் அது பெரும்பாலும் படிவு அல்ல, பொடுகு அல்லது தோல் அழற்சி. அதற்கு வேண்டியது கீட்டோகோனசோல் போன்ற மருந்துள்ள ஷாம்பு. சில வாரங்களில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.